எச்சரிக்கை விளக்கைப் படம் எடுப்பதும் அந்தப் படத்துக்குப் பதில் எழுதுவதும்

காரில் ஏதாவது விளக்கு எரிந்தால் எங்கள் உறவில் பாதிப் பேர் அதைப் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புவார்கள். கூடவே ஒரே ஒரு வரி வரும், "இது என்ன, வண்டியை ஓட்டலாமா?" என்று. நான் மெக்கானிக் இல்லை, ஆனால் வண்டி வேலையை என் கையால் செய்து பழகியவன். இப்படி வந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, எந்தப் படத்திலிருந்து எதைத் தெரிந்துகொள்ள முடியும், எதைத் தெரிந்துகொள்ளவே முடியாது என்பதை என் வண்டியிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறேன். அதில் சித்தப்பாவின் வண்டிக் கதையை மட்டும் இங்கே முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் படம் எடுப்பதில் வருகிற சிக்கலும் பதில் எழுதுவதில் வருகிற சிக்கலும் அந்த ஒன்றிலேயே இருந்தன.

முதலில் வந்த படம் இது. நல்ல வெயில், ஃபிளாஷ் வேறு அடித்திருக்கிறது, மீட்டர் கண்ணாடியில் சித்தப்பாவின் சட்டையும் கைப்பேசியும் தெளிவாகத் தெரிகின்றன. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஏதோ ஒன்று. அதைத் தவிர பேட்டரி, எண்ணெய்க் குவளை, இன்ஜின் படம், ஏர்பேக் என்று இன்னும் நாலைந்து விளக்குகளும் எரிகின்றன. "என்னப்பா இத்தனை எரியுது?" என்று பதறிப்போய் எழுதியிருந்தார்.

அந்தப் படத்தில் உண்மையிலேயே உபயோகமாக இருந்தது ஆர்பிஎம் முள் மட்டும்தான். அது பூஜ்யத்தில் நின்றது. அப்படியென்றால் சாவி ஆன் நிலையில் இருக்கிறது, இன்ஜின் ஓடவில்லை. அந்த நிலையில் கார் தன் விளக்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தானே சோதித்துக்கொள்ளும், அதற்காகச் சில நொடிகள் எல்லாவற்றையும் எரியவிடும். ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவை கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். எண்ணெய் அழுத்த விளக்கும் பேட்டரி விளக்கும் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓட ஆரம்பிக்கும் வரை எரிந்துகொண்டுதான் இருக்கும், ஏனென்றால் இன்ஜின் சுற்றாதபோது எண்ணெய் அழுத்தமும் கிடையாது, ஆல்டர்நேட்டர் மின்சாரமும் தராது. ஆகவே அந்தப் படத்தில் எரிந்த அத்தனை விளக்கும் எரிய வேண்டியவைதான், பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். உண்மையில் அந்தச் சோதனை நேரத்தில் எரியாமல் போகிற விளக்கைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். பல்பு போயிருக்கலாம், அல்லது பழுதை மறைக்க யாராவது பிடுங்கிவிட்டிருக்கலாம்.

சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டு இரண்டு கேள்வி கேட்டேன். வண்டி இப்போது எங்கே நிற்கிறது, முதலில் எந்த விளக்கு எப்போது எரிந்தது. "வண்டி வீட்டுக்கு முன்னாடி சமமான எடத்துலதான் நிக்குது. காலையில சரிவுல இறங்கி பிரேக் போட்டப்ப ஒரு தடவை வந்துச்சு, அப்புறம் வளைவுல திரும்பும்போது வந்து வந்து போச்சு. இப்பதான் படம் எடுக்கலாம்னு சாவியப் போட்டா எல்லாமே எரியுது" என்றார். படத்தைவிட இந்த மூன்று வரி பெரிது. சரிவில் வந்தது, வளைவில் வந்தது, நேரான சாலையில் போய்விட்டது. நின்ற நிலையில் எடுத்த எந்தப் படத்திலும் இது பதிவாகாது, அதனால் படத்தோடு இதையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

என்ன நிறம் என்று கேட்டதற்கு "படத்துல இருக்கிற மாதிரி ஆரஞ்சுதான்னு நெனைக்கிறேன்" என்றார். இங்கேதான் நான் நிறுத்தினேன். நிறம் தப்பாகப் போனால் பதில் முழுவதும் தப்பாகப் போய்விடும். சிவப்பு என்றால் பாதுகாப்பாக எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வண்டியை நிறுத்து என்று பொருள், மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்றால் சீக்கிரம் பார்க்கச் சொல்லு என்று பொருள், பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்று சொல்வதற்காக. ஆனால் கைப்பேசிக் கேமரா சிவப்பு விளக்கை ஆரஞ்சாகக் காட்டும். காரணம் எளிது. இருட்டான மீட்டருக்கு நடுவில் பளிச்சென்று ஒரு சிறு விளக்கு, கேமரா சுற்றியுள்ள இருட்டுக்கு ஏற்றபடி ஒளியை அதிகம் வாங்கும், அப்போது சென்சாரில் சிவப்பு அளவு உச்சத்துக்குப் போய் அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடும், பக்கத்தில் பச்சை அளவு மட்டும் ஏறிக்கொண்டே வரும். சிவப்போடு கொஞ்சம் பச்சை சேர்ந்தால் ஆரஞ்சு, இன்னும் சேர்ந்தால் மஞ்சள், கடைசியில் வெள்ளை. என் வண்டியின் சீட் பெல்ட் விளக்கு எந்தச் சந்தேகமும் இல்லாத சிவப்பு. அதை இருட்டில் சும்மா கிளிக் செய்து பார்த்தேன், நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளையாகவும் ஓரத்தில் மட்டும் சிவப்பாகவும் வந்தது.

இதற்கு வழி, திரையில் அந்த விளக்கின் மேலேயே விரலை வைத்து அழுத்திப் பிடிப்பது, பிறகு பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுத்துப் படத்தை இருட்டாக்குவது. மீட்டரின் எண்கள் மங்கலாகிப் போகும், பரவாயில்லை, விளக்கின் உண்மையான நிறம் அப்போதுதான் வரும். ஏற்கெனவே எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய நிலை வந்தால் விளக்கின் நடுப்பகுதியைப் பார்க்காமல், அதன் ஓரத்தில் கசிகிற நிறத்தைப் பார்ப்பேன். எல்லாவற்றையும்விட நம்பகமானது, நேரில் கண்ணால் பார்த்து என்ன நிறம் என்று எழுதச் சொல்வது, படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. சித்தப்பா மீண்டும் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செவப்புப்பா. ஏபிஎஸ் விளக்குதான் மஞ்சள், அது பக்கத்துல இது நல்லாவே செவப்பா இருக்கு" என்றார். ஒரே மீட்டரில் தெரிந்த மஞ்சள் விளக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்ல யோசனை, அது எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இன்னொரு தொல்லை, எரிகிற விளக்கு படத்தில் எரியாமல் போவது. நிறைய வண்டிகளில் எல்இடி விளக்கின் பிரகாசத்தைக் குறைக்க அதை மிக வேகமாக அணைத்து அணைத்துப் போடுவார்கள், நொடிக்கு 100 தடவைக்கும் மேலே. கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகத்தான் தெரியும். வெயிலில் கைப்பேசி 1/1000 நொடி போன்ற வேகத்தில் கிளிக் செய்யும்போது, அணைந்த நேரம் பார்த்துப் படம் விழுந்தால் விளக்கே இருக்காது, அல்லது பாதி விளக்கில் கறுப்புப் பட்டை ஓடும். ஆளுக்கு ஆள் "நான் பார்த்தப்ப எரிஞ்சுது, படத்துல இல்லையே" என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். வெளிச்சத்தைக் குறைத்தால் கேமரா தானாகவே மெதுவாகக் கிளிக் செய்யும். கருப்புத் துணி ஒன்றைத் தலைக்கும் ஸ்டியரிங்குக்கும் மேலே போர்த்திக்கொண்டால் போதும், கண்ணாடியில் விழுகிற பிரதிபலிப்பும் அதோடு போய்விடும். கைப்பேசியில் ப்ரோ முறை இருந்தால் 1/30 நொடி, குறைந்த ஐஎஸ்ஓ, கையை ஸ்டியரிங்கில் ஊன்றிக்கொண்டு எடுக்கலாம். இது எதுவும் வேண்டாம் என்றால் வீடியோ எடுங்கள், அதுதான் என் சிபாரிசும். விளக்கு நிலையாக எரிகிறதா விட்டுவிட்டு எரிகிறதா என்பது நிழற்படத்தில் ஒருபோதும் தெரியாது. இன்ஜின் விளக்கு விஷயத்தில் அந்த வித்தியாசம் மிகப் பெரியது. நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும், துடித்துத் துடித்து எரிந்தால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் போய்ப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துக்கொண்டிருக்கலாம், அப்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

நான் சித்தப்பாவிடம் கேட்டது ஒரே ஒரு வீடியோ, அரை நிமிடத்துக்குள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், டயருக்கு முன்னாலும் பின்னாலும் கல் வையுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கால் பிரேக்கை விடாதீர்கள். சித்தி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீடியோ எடுக்கட்டும், ஸ்டியரிங்கை நேராக வையுங்கள், இல்லாவிட்டால் அதன் கம்பி மீட்டரை மறைக்கும். சாவியைத் திருப்பி ஐந்து நொடி பொறுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், பத்து நொடி கழித்து ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள், அதை இறக்குவது தெரிகிற மாதிரி ஒரு தடவை கேமராவை அங்கே காட்டிவிட்டு மீட்டருக்கு வந்துவிடுங்கள். முழு மீட்டரும் படத்தில் இருக்க வேண்டும், அந்த ஒரு விளக்கை மட்டும் பெரிதாக்கக் கூடாது. ஆர்பிஎம், வெப்ப முள், கூடவே வேறு எந்த விளக்கு எரிகிறது என்பதெல்லாம் அந்த ஒரு விளக்குக்குப் பொருள் கொடுப்பவை. சிவப்புப் பிரேக் விளக்கோடு மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதையே வேறு, அப்போது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிட்டுக் கொடுக்கிற ஏற்பாடு வேலை செய்யாமல் இருக்கலாம், ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடக்கூடும்.

ஓட்டும்போது வீடியோ எடுத்தால்தான் அந்த வளைவில் வருவது தெரியும் என்று சித்தப்பா சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றேன். பிரேக் எச்சரிக்கையைப் படம் பிடிப்பதற்காக வண்டியை மறுபடி சரிவில் இறக்குவது எந்த வகையிலும் சரியில்லை, அவர் வாய்வார்த்தையே எனக்குப் போதும்.

இதேபோலப் படம் எடுக்கக் கூடாத இன்னொரு நேரமும் உண்டு, சித்தப்பா கதைக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது சிவப்பு எண்ணெய்க் குவளை எரிந்தால், அல்லது வெப்ப விளக்கு சிவந்தால், படத்தை மறந்துவிட்டு ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு சாவியை ஆன் செய்து படம் எடுத்தால் எண்ணெய் விளக்கு எப்படியும் எரியும், அது எதற்கும் சாட்சி ஆகாது. சரியான படம் வேண்டும் என்று மறுபடி ஸ்டார்ட் செய்தால், உண்மையிலேயே அழுத்தம் இல்லாமல் இருந்தால் அந்தச் சில நொடிகளில் பேரிங் தேய்ந்து போகக்கூடும். அந்த இரண்டு விளக்குக்கும் "இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது எரிந்தது, உடனே அணைத்தேன்" என்று எழுதினாலே முழுத் தகவல்.

சரி, சித்தப்பாவின் வீடியோ வந்தது. சித்தி நன்றாகவே எடுத்திருந்தார். சாவி ஆன் ஆனதும் எல்லா விளக்கும் எரிந்தன, ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் அணைந்தன, ஸ்டார்ட் ஆனதும் எண்ணெயும் பேட்டரியும் அணைந்தன. வட்டம் மட்டும் எரிந்தது, ஹேண்ட்பிரேக் ஏறியிருக்கிறதே. ஹேண்ட்பிரேக்கை இறக்கியதும் அதுவும் அணைந்துவிட்டது. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று கீழே எழுதியிருந்தார்.

ஒழுங்காக எடுத்த வீடியோ, ஹேண்ட்பிரேக் இறங்கிய பிறகு அதில் விளக்கு எரியவே இல்லை. இதைப் பார்த்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்று பதில் போடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். வீடியோ சொல்வது இவ்வளவுதான்: விளக்கு உயிரோடு இருக்கிறது, சமதளத்தில் நிற்கும்போது அது எரியவில்லை. சரிவிலும் வளைவிலும் ஏன் வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

குறியை இப்போது தெளிவாகப் படிக்க முடிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, வட்டத்தின் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போல வளைகோடு. இது பிரேக் எச்சரிக்கை. மங்கலான படத்தில் இதை மற்றவற்றோடு குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணம். குதிரை லாடம் போல மேலே திறந்த வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தால் அது டயர் காற்று. முக்கோணத்துக்குள் இருந்தால் பொதுவான எச்சரிக்கை, பக்கத்தில் திரையில் ஒரு செய்தியும் வந்திருக்கும். பல்சக்கரத்துக்குள் இருந்தால் கியர் பெட்டி. எல்லாவற்றிலும் பொதுவாகப் பளிச்சென்று தெரிவது அந்த ஆச்சரியக்குறிதான், சுற்றியுள்ள வடிவம்தான் மங்கிப்போகும். வடிவம் தெரியாத படத்துக்கு நான் இப்போதெல்லாம் குறியின் பெயரையே சொல்வதில்லை, இன்னொரு படம் கேட்டுவிடுகிறேன், நிறம் சிவப்பாக இருந்தால் அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிரேக் எச்சரிக்கை எரிய வழக்கமான காரணம் மூன்று. ஹேண்ட்பிரேக் ஏறியிருக்கிறது, அல்லது அதன் கீழே உள்ள சுவிட்ச் சரியாக விடவில்லை, அல்லது பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. பானட்டுக்குக் கீழே இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு மிதவை உண்டு, ஆயில் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் அது சுவிட்சை மூடி விளக்கை எரியவிடும். மட்டம் அந்த எல்லையில் நிற்கும்போது, வண்டி முன்பக்கம் சாய்ந்தாலோ வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினாலோ மிதவை ஒரு கணம் இறங்கும், நேரானதும் ஏறிவிடும். சித்தப்பா சொன்ன காலைக் கதை இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஒத்துப்போவது வேறு, அதுதான் என்று சொல்வது வேறு. ஹேண்ட்பிரேக் சுவிட்ச் தளர்ந்திருந்தாலும் ஆட்டத்தில் விளக்கு வந்து வந்து போகும்.

இந்த இரண்டையும் பிரிக்க டப்பாவைப் பார்த்தால் போதும், மூடியைத் திறக்கக் கூட வேண்டாம். இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பானட்டைத் தூக்கி டப்பாவைப் பக்கவாட்டில், கோடுகளின் உயரத்துக்கே கைப்பேசியை இறக்கிப் படம் எடுக்கச் சொன்னேன். மேலிருந்து எடுத்தால் மட்டம் உள்ளதைவிட வேறாகத் தெரியும். டப்பா பழசாகி மஞ்சளேறியிருந்தால் உள்ளே எதுவும் தெரியாது, இன்னொரு கைப்பேசியின் டார்ச்சை டப்பாவுக்குப் பின்னால் பிடித்தால் ஆயில் நிற்கிற இடம் கருங்கோடாகத் தெரியும். மூடியைத் திறக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு, பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மூடியைச் சுற்றியுள்ள தூசி உள்ளே விழும்.

படம் வந்தது. ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு, ஒரு மயிரிழை கீழேயே நின்றது.

கடைசியாக ஒன்று கேட்டேன். இன்ஜின் ஓடும்போது, வண்டி நின்ற இடத்திலேயே, பிரேக் பெடலை நன்றாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள், கால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா அல்லது ஒரு இடத்தில் நின்றுவிடுகிறதா? ஸ்டார்ட் செய்கிற அந்த நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு, அது பூஸ்டர் வேலை செய்வது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். நின்றுவிடுகிறது, கெட்டியாக இருக்கிறது என்றார். நாலு சக்கரத்தின் உள்பக்கமும் தரையும் ஈரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னதற்கு, ஈரம் எதுவும் கண்ணில் படவில்லை என்றார்.

பிறகு எழுதிய பதில் இதுதான். அனுப்பியபடியே தருகிறேன்.

"சித்தப்பா, இது பிரேக் எச்சரிக்கை விளக்கு, சிவப்பு. ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கும்போதே காலையில் எரிந்திருக்கிறது, பிரேக் ஆயிலும் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போகுது. ஆயில் ஏன் குறைந்தது என்பது படத்தில் தெரியாது. பிரேக் பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், எங்கேயாவது கசிந்தாலும் இறங்கும். பெடல் கெட்டியா இருக்கு, ஈரம் தெரியலைங்கிறது நல்ல தகவல், ஆனா கசிவு இல்லைன்னு அதை வச்சு முடிவு பண்ண முடியாது. அதனால யாராவது நேர்ல பார்க்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, முடியாதுன்னா தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. அவர்கிட்ட இந்த வீடியோவையும் டப்பா படத்தையும் காட்டி, சரிவுலயும் வளைவுலயும் வந்ததைச் சொல்லுங்க. அவர் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆயில் ஊத்தாதீங்க. நடுவுல பெடல் தொளதொளன்னு ஆனாலோ கீழே போனாலோ வண்டியை நகர்த்தவே வேண்டாம்."

இதில் ஒவ்வொரு வரியும் எதற்காக என்று சொல்கிறேன், அதைவிட முக்கியமாக எதை எழுதாமல் விட்டேன் என்று. "பேடுதான் தேய்ந்திருக்கும், மாத்திடுங்க" என்று எழுதவில்லை. என் மனதுக்குள் அதுதான் வாய்ப்பு அதிகம் என்று பட்டது, பெடல் கெட்டியாக இருப்பதால். ஆனால் படத்தின் வழியாகப் பார்க்கிறவன் அந்த ஊகத்தை எழுத்தில் போட்டால் படிக்கிறவர் கையில் அது முடிவாக மாறிவிடும். பேடுதானே, அவசரமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வண்டியை எடுப்பார். கசிவாக இருந்தால் அந்த ஒரு வாரம் போதும்.

"மெதுவா ஓட்டிப் போங்க, ஒண்ணும் ஆகாது" என்றும் எழுதவில்லை. இந்த வரி எல்லோர் வாயிலும் முதலில் வருவது. மெதுவாகப் போனால் பிரேக் பிடிக்கும் என்று யார் சொன்னது? நேரில் பார்த்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு அதைச் சொல்லலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. ஒரு படத்தைப் பார்த்தவனுக்கு நிறுத்தச் சொல்கிற உரிமை மட்டும்தான் உண்டு, ஓட்டச் சொல்கிற உரிமை கிடையாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். நிறுத்தச் சொன்னது தப்பாகப் போனால் அவருக்கு ஒரு நாள் வீணாகும். ஓட்டச் சொன்னது தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

ஆயில் ஊற்ற வேண்டாம் என்று சொன்னதில் சித்தப்பாவுக்குச் சம்மதமில்லை. குறைந்தால் ஊற்றுவதுதானே முறை என்றார். பேட் தேயத் தேய, அதை அழுத்துகிற காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும், அந்தக் காலி இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் கீழே போகும். ஆயில் எங்கேயும் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இப்போது மேலே ஊற்றினால் புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் அத்தனையும் திரும்பி வந்து டப்பா வழிந்துவிடும், பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். கசிவாக இருந்தாலோ, ஊற்றியதும் விளக்கு அணையும், எச்சரிக்கை போய்விடும், கசிவு அப்படியே இருக்கும். மெக்கானிக்கும் வந்து பார்க்கும்போது மட்டம் சரியாக இருப்பதைத்தான் பார்ப்பார். பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டால் விளக்கு போய்விடும் என்று சொல்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான், இன்ஜின் விளக்கில் அப்படிச் செய்தால் கணினியில் பதிவான பழுது எண்ணும் பல வண்டிகளில் அழிந்துபோகும்.

அதேநேரம் "மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்ற ஒற்றை வரிப் பதிலும் எனக்குப் பிடிக்காது. அது எச்சரிக்கையான பதில் போலத் தெரியும், உண்மையில் அதில் எதுவுமே இல்லை. மெக்கானிக்கிடம் எப்படிப் போவது, ஓட்டியா தூக்கியா, இன்றைக்கா அடுத்த வாரமா, அதுவரை எதைக் கவனிப்பது, போய் என்ன சொல்வது, இவையெல்லாம் கேட்டவருக்கு வேண்டியவை. குறியின் பொருள், நிறத்தின் அவசரம், படத்தில் தெரிந்தது, தெரியாதது, கையை அழுக்காக்காமல் அவரே பார்க்கக்கூடிய ஒன்றிரண்டு, எப்போது தொடவே கூடாது, இவ்வளவையும் தயங்காமல் எழுதலாம். காரணத்தையும் செலவையும் மட்டும் எழுதக் கூடாது. வண்டிக்கு வண்டி மாறுகிற விஷயம் வந்தால் கையேட்டில் எச்சரிக்கை விளக்குப் பகுதியைப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரே குறி சில வண்டிகளில் சிவப்பிலும் மஞ்சளிலும் தனித்தனிப் பொருளோடு வரும்.

"என் வண்டியிலயும் இப்படித்தான் வந்துச்சு, சுவிட்சு மாத்தினேன்" என்று சித்தப்பாவின் நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யாக இருக்காது. அவர் வண்டியில் அது சுவிட்ச், அவ்வளவுதான்.

மறுநாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில் பேட் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது, குழாய்களிலும் காலிப்பரிலும் பின் சக்கரத்திலும் கசிவு இல்லை. புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளியதும் டப்பாவில் மட்டம் தானாக மேல்கோட்டுக்குப் பக்கம் ஏறிவிட்டது, ஒரு சொட்டு ஊற்றவில்லை. சித்தப்பா அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், "நீ சொன்ன மாதிரியே ஏறுதுப்பா" என்று போனில் சொன்னார். கசிவாக இருந்திருந்தாலும் நான் அனுப்பிய பதிலில் ஒரு வார்த்தைகூட மாறியிருக்காது என்று அவரிடம் சொன்னேன்.

இடையில் ஒரு சின்ன விஷயம். அந்த முதல் படத்தின் முன்கண்ணாடி வழியாக எதிர்வீட்டுக் கதவும் நின்றிருந்த இன்னொரு வண்டியின் நம்பரும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு அனுப்புவதில் கவலையில்லை, அறிமுகமில்லாதவர்களிடம் கேட்கும்போது மீட்டரை மட்டும் வெட்டி அனுப்புவது நல்லது. கைப்பேசிப் படத்தோடு எடுத்த இடமும் பதிவாகிப் போகக்கூடும், அமைப்பில் அதை அணைத்துவிடலாம். கிலோமீட்டர் எண்ணை மட்டும் மறைக்க வேண்டாம், பேட் மாற்றி எவ்வளவு தூரம் ஓடியது என்று கணக்குப் பார்க்க அது உதவும்.

புதுப் பேட் போட்ட அன்றே டப்பாவை அதே சமதளத்தில், இன்ஜின் ஆறிய பிறகு, அதே பக்கவாட்டுக் கோணத்தில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு மாதம் கழித்து இன்னொன்று. புதுப் பேட் ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு தேயாது. அதற்குள் மட்டம் இறங்கியிருந்தால் மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டுக் கசிவைத் தேடச் சொல்ல வேண்டும்.